தினமும் 18 செகண்ட் ஃபாஸ்ட்: மெக்கானிக்கல் வாட்ச் ஏன் நேரம் தப்புது, ரெகுலேஷன் எதைச் சரிசெய்யும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கோம்.)

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். முதல் சம்பளத்துல ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒண்ணு வாங்கியிருக்கார். ஒரு வாரம் கட்டிப் பார்த்தா, ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடியிருக்கு. "என் ஃப்ரெண்டோட எண்ணூறு ரூபா குவார்ட்ஸ் வாட்ச் கரெக்டா இருக்குங்க. என்னுது டிஃபெக்டா? கடைக்காரர் 'ரெகுலேஷன் பண்ணா சரியாயிடும்'னு சொல்றார். நம்பலாமா?" இதுதான் கேள்வி.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி என்னன்னு புரியணும்னா, வாட்சுக்குள்ள நேரத்தை எது எண்ணுதுன்னு முதல்ல பார்க்கணும். என்கிட்ட இருக்கிற ஒரு வாட்சை வச்சே இதைச் சொல்றேன். அதுக்குள்ள ஓடுறது சீக்கோ குழுமத்தோட என்ஹெச்35 மூவ்மென்ட். இன்னைக்கு நடுத்தர விலையில கிடைக்கிற பல ஆட்டோமேட்டிக் வாட்சுகள்ல இதுதான் இருக்கும். கேள்வி கேட்ட நேயரோட வாட்சிலயும் இதேதான்.

ஒரு நாளைக்கு 5,18,400 தடவை

வாட்சோட பின்மூடி கண்ணாடியா இருந்தா, உள்ளே ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கிறதைப் பார்க்கலாம். அதுதான் பேலன்ஸ் வீல். அதோட நடுவுல, தலைமுடியை விட மெல்லிசா, கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு ஸ்பிரிங் சுத்தியிருக்கும். அது ஹேர்ஸ்பிரிங். சக்கரம் ஒரு பக்கம் திரும்பும்போது ஸ்பிரிங் இறுகும், பிறகு அதைத் திருப்பி இழுக்கும். சக்கரம் வந்த வேகத்துல நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும், ஸ்பிரிங் மறுபடி இழுக்கும். ஊஞ்சலுக்குப் புவியீர்ப்பு செய்யற வேலையை இங்கே இந்த ஸ்பிரிங் செய்யுது. ஊஞ்சல் நின்னு போகாம யாராவது தள்ளிவிடணும் இல்லையா? மெயின்ஸ்பிரிங்கோட சக்தியை எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சின்னத் தள்ளு கொடுக்கிற அமைப்புதான் எஸ்கேப்மென்ட். நமக்குக் கேட்கிற டிக் டிக் சத்தம் அங்கிருந்துதான் வருது.

என்ஹெச்35 ஒரு செகண்டுக்கு 6 தடவை டிக் அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 21,600. ஒரு நாளைக்கு 5,18,400. வாட்ச் செய்யற கணக்கு இவ்வளவுதான். 6 டிக் எண்ணினா, செகண்ட் முள் ஒரு செகண்ட் நகரும். அந்த 6 டிக் நிஜமான ஒரு செகண்ட்ல முடிஞ்சுதா, கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சுதான்னு வாட்சுக்குத் தெரியாது.

ஒரு நாளைக்கு 20 செகண்ட் ஃபாஸ்ட்னா என்ன அர்த்தம்? 5,18,400 டிக் அடிக்க வேண்டிய இடத்துல கூடுதலா 120 டிக் அடிச்சிருக்கு. சதவீதத்துல சொன்னா 0.023. ஃபேக்டரியே இந்த மூவ்மென்ட்டுக்குச் சொல்ற கணக்கு, நாளைக்கு 20 செகண்ட் ஸ்லோவிலிருந்து 40 செகண்ட் ஃபாஸ்ட் வரைக்கும் இருக்கலாம்ங்கிறது. அதனால நேயருக்கு முதல் பதில்: டிஃபெக்ட் இல்லை. ஆனா அந்த 120 டிக் எங்கேயிருந்து வந்ததுங்கிற கேள்வி மிச்சம் இருக்கு.

ஒரே வாட்ச், பல வேகம்

பொதுவா நாம "என் வாட்ச் 20 செகண்ட் ஃபாஸ்ட்"னு சொல்றோம், அதுக்கு ஒரே ஒரு வேகம் இருக்கிற மாதிரி. உண்மையில ஒவ்வொரு நிலையிலும் அதோட வேகம் வேற. மேஜை மேல முகம் மேலே பார்த்துக் கிடக்கும்போது ஒரு வேகம், கை தொங்கும்போது இன்னொண்ணு, சாவி முழுசா ஏறியிருக்கும்போது ஒண்ணு, இறங்கிப் போயிருக்கும்போது வேற ஒண்ணு. நாள் முழுக்க இதெல்லாம் கலந்து வர்ற சராசரியைத்தான் நாம காலையில பார்க்கிறோம்.

நிலை மாறினா வேகம் ஏன் மாறணும்? பேலன்ஸ் வீலோட அச்சுக்கு ரெண்டு முனையிலயும் ஊசி மாதிரி மெல்லிய நுனி இருக்கு. வாட்ச் படுத்திருக்கும்போது சக்கரத்தோட மொத்த எடையும் அந்த ஒரு நுனி மேல, ஒரு கல்லு மேல நிக்குது. பம்பரம் நிக்கிற மாதிரி. உராய்வு ரொம்பக் கம்மி. வாட்ச் செங்குத்தா இருக்கும்போது அந்த அச்சு படுத்துடுது. இப்போ ரெண்டு நுனியோட பக்கவாட்டும் கல்லுல உரசுது. உராய்வு கூடுது, சக்கரம் ஆடுற அளவு குறையுது.

இந்த ஆடுற அளவுக்கு ஆம்ப்ளிடியூட்னு பேர். நடுவிலிருந்து ஒரு பக்கமா எத்தனை டிகிரி போகுதுங்கிறதுதான் அது. நல்லா இருக்கிற வாட்ச்ல முழுச்சாவியில, படுத்த நிலையில 270 டிகிரி அளவுக்கு இருக்கும். அதாவது முக்கால் சுத்து.

இங்கே ஒரு கேள்வி வரணும். ஊஞ்சல் பெரிசா ஆடினாலும் சின்னதா ஆடினாலும் நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? ஆமா, சுருள் ஸ்பிரிங்கோட அழகும் அதுதான். கிறிஸ்டியன் ஹைகன்ஸ் 1675-ல் இந்தச் சுருள் ஸ்பிரிங்கை வாட்சுக்குள்ள வச்சதும், பாக்கெட் வாட்சோட துல்லியம் ஒரேயடியா மாறிப்போச்சு. கணக்குப்படி ஆட்டம் பெரிசோ சின்னதோ, நேரம் ஒண்ணுதான். நடைமுறையில அப்படி முழுசா அமையறதில்லை. எஸ்கேப்மென்ட் கொடுக்கிற ஒவ்வொரு தள்ளும் ஆட்டத்தைக் கொஞ்சம் கலைக்குது. ஸ்பிரிங் சுருங்கி விரியும்போது அதோட நடு சரியா நடுவுலயே நிக்கிறதில்லை. சக்கரத்துல ஒரு பக்கம் தூசி அளவு எடை கூடுதலா இருந்தாலும், செங்குத்தா நிக்கும்போது புவியீர்ப்பு அந்தப் பக்கத்தை இழுக்கும். ஒரு நிலையில அது வாட்சை வேகமாக்கினா, எதிர் நிலையில மெதுவாக்கும்.

வெப்பமும் ஒரு காலத்துல பெரிய தலைவலியா இருந்தது. பழைய இரும்பு ஹேர்ஸ்பிரிங்கும் பித்தளைச் சக்கரமும் இருந்த வாட்ச், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் நாளைக்குச் சுமார் 10 செகண்ட் மெதுவாகும். 23 டிகிரி ஏசி அறையிலிருந்து 38 டிகிரி வெயிலுக்கு வந்து அங்கேயே ஒரு நாள் இருந்தா, ரெண்டரை நிமிஷம் போயிடும். சூட்டுக்கு அசையாத நிக்கல் கலந்த உலோகங்களைக் கண்டுபிடிச்சதுக்காக சார்லஸ் எடுவார் கியோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைச்சது. இன்னைக்கு ஹேர்ஸ்பிரிங்குகள் அந்த வழியில வந்த உலோகங்கள்லதான் செய்யப்படுது. அதனால சென்னை வெயிலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, உங்க வாட்ச் ராத்திரி எப்படிப் படுத்திருந்ததுன்னு பாருங்க. அதோட பங்குதான் பெரிசா இருக்கும்.

ரெகுலேட்டர்னா என்ன?

ஹேர்ஸ்பிரிங்கோட உள்முனை சக்கரத்தோட அச்சுல மாட்டியிருக்கும். வெளிமுனை ஒரு சின்னக் கட்டையில அசையாம மாட்டியிருக்கும். அதுக்கு ஸ்டட்னு பேர். ஸ்டட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஸ்பிரிங் ரெண்டு குட்டி ஊசிகளுக்கு நடுவுல போகும். அந்த ரெண்டு ஊசியும் ஒரு நெம்புகோல்ல இருக்கு. அந்த நெம்புகோல்தான் ரெகுலேட்டர்.

வீணைக் கம்பியை நினைச்சுக்கோங்க. கம்பியோட நீளம் அவ்வளவேதான், ஆனா விரலை எங்கே வைக்கிறோமோ அதுவரைக்கும்தான் அதிரும். இங்கே அந்த விரல் இந்த ரெண்டு ஊசி. ஊசிகளை உள்பக்கமா நகர்த்தினா, வேலை செய்யற ஸ்பிரிங்கோட நீளம் குறையும். ஸ்பிரிங் விறைப்பாகும், ஆட்டம் வேகமாகும். ஸ்டட் பக்கம் நகர்த்தினா நீளம் கூடும், ஆட்டம் மெதுவாகும். நெம்புகோல் பக்கத்துல வழக்கமா + − குறிகள் இருக்கும். + பக்கம் வேகம், − பக்கம் மெதுவு.

எவ்வளவு நகர்த்தணும்? ஒரு ஆட்டத்தோட நேரம், ஸ்பிரிங் நீளத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அதனால வேகத்துல எத்தனை சதவீதம் மாத்தம் வேணுமோ, நீளத்துல அதுக்கு ரெண்டு மடங்கு மாத்தணும். 20 செகண்ட் திருத்தணும்னா வேகத்துல 0.023 சதவீதம், நீளத்துல 0.046 சதவீதம். ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் நீளம்னு வச்சுக்கிட்டா, 0.046 மில்லிமீட்டர். நம்ம தலைமுடியோட தடிமனை விடக் கம்மி. ரெகுலேட்டரை நகர்த்தறதுன்னு சொல்றோமே தவிர, கைக்குத் தெரியற அளவுக்கு அது நகரக்கூடாது. தொட்ட மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

எல்லா வாட்சிலும் இந்த நெம்புகோல் இருக்காது. ரோலெக்ஸ் மாதிரி சில கம்பெனிகள் ஸ்பிரிங்கைத் தொடறதே இல்லை. சக்கரத்தோட விளிம்புல குட்டி எடைத் திருகுகள் இருக்கும். அதை உள்ளே திருகினா சக்கரம் வேகமா ஆடும், வெளியே திருகினா மெதுவா ஆடும். கையை விரிச்சு சுழல்றவங்க கையை உடம்போட சேர்த்ததும் வேகமா சுழல்றாங்களே, அதே விஷயம்.

என் வாட்சோட கணக்கு

இப்போ நிஜ எண்களோட பார்ப்போம். மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெறும் குறிப்பு மட்டும் எடுத்தேன். தினமும் காலை 7 மணிக்கு, மொபைல் நேரத்தோட ஒப்பிட்டு எவ்வளவு முன்னாடி ஓடியிருக்குன்னு எழுதினேன். ஏழு நாளும் வந்த வித்தியாசம்: 17, 19, 18, 21, 15, 18, 18 செகண்ட். மொத்தம் 126. சராசரி நாளைக்கு 18.

இந்த 18-ஐ விட முக்கியமானது, ஏழு எண்களும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கிறதுதான். மிகக் குறைவு 15, மிக அதிகம் 21. இந்த வாட்ச் தப்பா ஓடுது, ஆனா தினமும் ஒரே மாதிரி தப்பா ஓடுது. இப்படிப்பட்ட வாட்சை ரெகுலேட் பண்ணா பலன் உண்டு. அதுவே திங்கள் 5 செகண்ட் ஃபாஸ்ட், செவ்வாய் 40, புதன் 10 செகண்ட் ஸ்லோன்னு வந்திருந்தா, ரெகுலேட்டரைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை. வேற ஏதோ கோளாறு இருக்கு.

அடுத்தது டைம்கிராஃபர். வாட்சை ஒரு சின்ன மைக் மேல மாட்டினா, டிக் சத்தத்தைக் கேட்டு, நாளைக்கு எத்தனை செகண்ட், ஆம்ப்ளிடியூட் எவ்வளவுன்னு திரையில காட்டற கருவி. ஆம்ப்ளிடியூட் சரியா வரணும்னா, அந்த மூவ்மென்ட்டோட லிஃப்ட் ஆங்கிளைக் கருவியில போடணும். என்ஹெச்35-க்கு 53 டிகிரி. வாட்சுக்கு முழுச்சாவி கொடுத்து, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் விட்டு, அளவு நிலைச்ச பிறகு எழுதினேன்.

முகம் மேலே: +21
முகம் கீழே: +24
சாவி கீழே: +8
12 மணி மேலே: +12
சாவி மேலே: +15

(இங்கே சாவின்னு சொல்றது கிரௌனை.) படுத்த நிலையில ஆம்ப்ளிடியூட் 272, செங்குத்தா 240. ரெண்டும் ஆரோக்கியமான அளவுதான். அஞ்சு நிலையோட சராசரி +16. கையில கட்டினப்போ வந்த 18-க்குப் பக்கத்துல இருக்கு, அதனால அளவுகளை நம்பலாம். அதிகமான நிலைக்கும் குறைவான நிலைக்கும் உள்ள இடைவெளி 24-இலிருந்து 8 வரை, அதாவது 16 செகண்ட்.

திரையில மூணாவதா ஒரு எண் இருக்கும், பீட் எரர். டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சமமா இருக்கான்னு அது சொல்லும். எனக்கு 0.3 மில்லிசெகண்ட் காட்டுச்சு. அது போதும், அதைத் தொட வேண்டிய அவசியமில்லை. இதை ஏன் குறிப்பா சொல்றேன்னா, என்ஹெச்35-ல் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நெம்புகோல் இருக்கு. ஒண்ணு ரெகுலேட்டர், இன்னொண்ணு ஸ்டட்டைத் தாங்கற நெம்புகோல். ரெண்டாவதைத் தள்ளினா பீட் எரர் கெட்டுப்போகும், கூடவே வேகமும் மாறும். எதைத் தொடறோம்னு தெரியாம தொட்டா, ஒரு பிரச்சினையைச் சரிபண்ணப் போய் ரெண்டு பிரச்சினையோட வெளியே வருவோம்.

எதுக்கு எவ்வளவு குறைக்கணும்?

பலர் பண்றது இது: வாட்சை முகம் மேலே வச்சு, டைம்கிராஃபர்ல பூஜ்யம் வர்ற வரைக்கும் ரெகுலேட்டரை நகர்த்தறது. திரையில பார்க்க ரொம்பத் திருப்தியா இருக்கும். என் வாட்ச்ல அப்படிப் பண்ணா என்ன ஆகும்? 21 செகண்ட் குறைக்கிறோம். ரெகுலேட்டர் எல்லா நிலையையும் கிட்டத்தட்ட ஒரே அளவு நகர்த்தும். அதனால வரிசையா 0, +3, −13, −9, −6 ஆகும். சராசரி −5. திரையில பூஜ்யம், கையில நாளைக்கு 3 செகண்ட் ஸ்லோ. கடையில "பக்காவா செட் பண்ணிட்டேன்"னு கொடுத்த வாட்ச், வீட்டுக்கு வந்ததும் மெதுவா ஓடறதுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

நான் 15 செகண்ட் மட்டும் குறைக்கணும்னு முடிவு பண்ணேன். அப்படின்னா +6, +9, −7, −3, 0. சராசரி +1. கையில கட்டினா 18-லிருந்து 15 போய் நாளைக்கு +3 வரணும். ஏன் சரியா பூஜ்யம் வேண்டாம்? ரெண்டு காரணம். ஒண்ணு, எண்ணெய் பழசாகி உராய்வு கூடும்போது இந்த அளவுகள் மாறத்தான் போகுது, கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறது நல்லது. ரெண்டாவது, முன்னாடி ஓடின வாட்சைத் திருத்தறது சுலபம். கிரௌனை வெளியே இழுத்தா செகண்ட் முள் நிக்கும், சரியான நேரம் வர்ற வரைக்கும் காத்திருந்து உள்ளே அழுத்தினா போதும். பின்தங்கின வாட்சுக்கு நிமிஷ முள்ளையும் தொடணும்.

பின்மூடியைத் திறந்து, கூர்மையா சீவின மரக்குச்சியால ரெகுலேட்டரை லேசா − பக்கம் தொட்டேன். முகம் மேலே +21 இருந்தது −9-க்குப் போச்சு. ஒரு தொடுதலுக்கு 30 செகண்ட். முதல் தொடுதல்ல இப்படி அதிகமா போறது வழக்கம்தான், ஏன்னா நெம்புகோல் உராய்வுல பிடிச்சுக்கிட்டிருந்து, திடீர்னு நழுவும். எதிர்ப்பக்கம் இன்னொரு தொடுதல், +2. இன்னொண்ணு, +6. நான் தேடின எண் அது. ஒவ்வொரு தடவையும் அளவு நிலைக்கிறதுக்கு நேரம் கொடுத்தேன். பிறகு மத்த நாலு நிலையையும் அளந்து, கணக்குப்படி வந்திருக்கான்னு பார்த்தேன்.

மூடியைப் போட்டு, மறுபடி ஒரு வாரம் காலை 7 மணிக் குறிப்பு: 3, 2, 4, 5, 1, 3, 3. மொத்தம் 21, நாளைக்கு 3 செகண்ட்.

இப்போ கவனிங்க. 24-க்கும் 8-க்கும் நடுவுல இருந்த இடைவெளி 16. இப்போ +9-க்கும் −7-க்கும் நடுவுல இருக்கிறது? அதுவும் 16. ரெகுலேஷன் மொத்த வரிசையையும் தூக்கி வேற இடத்துல வச்சுது, வரிசையை நெருக்கமாக்கலை. கடைக்காரர் சொல்லாம விட்ட பாதி இதுதான். நிலைகளுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தைக் குறைக்கணும்னா சக்கரத்தோட எடையைச் சமன் பண்ணணும், ஹேர்ஸ்பிரிங்கோட வடிவத்தைச் சரிபண்ணணும். அதுக்கு அட்ஜஸ்ட்மென்ட்னு தனிப் பேர். விலை உயர்ந்த மூவ்மென்ட்ல 'அஞ்சு நிலைகள்ல அட்ஜஸ்ட் பண்ணது'ன்னு பொறிச்சிருப்பாங்களே, அது இந்த வேலை. சுவிட்சர்லாந்துல குரோனோமீட்டர் சான்றிதழுக்கு ஒரு மூவ்மென்ட்டை 15 நாள், அஞ்சு நிலைகள்ல, 8, 23, 38 டிகிரி வெப்பத்துல அளக்கறாங்க. வழக்கமான அளவுள்ள மூவ்மென்ட்டுக்குச் சராசரி −4-க்கும் +6-க்கும் நடுவுல இருக்கணும், ஆனா அது மட்டும் போதாது. நிலைக்கு நிலை, நாளுக்கு நாள் எவ்வளவு மாறுதுங்கிறதுக்கும் தனித்தனி வரம்பு இருக்கு. அங்கேதான் காசு போகுது.

அந்த வித்தியாசம் இருக்கிறதால நமக்கு ஒரு லாபமும் உண்டு. மூடியைத் திறக்காமலே அதைப் பயன்படுத்தலாம். என் வாட்ச் முகம் மேலே இருக்கிறதை விட, சாவி கீழே இருக்கும்போது நாளைக்கு 13 செகண்ட் மெதுவா ஓடுது. ராத்திரி 8 மணி நேரம் அப்படி நிறுத்தி வச்சா, அதுல மூணுல ஒரு பங்கு, 4 செகண்ட் மிச்சம். +3 ஓடற வாட்ச் அன்னைக்கு −1-க்கு வந்துடும். உங்க வாட்சுக்கு எந்த நிலை வேகம், எந்த நிலை மெதுவுன்னு கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மூணு ராத்திரி மூணு நிலையில வச்சு, தூங்கப் போகும்போதும் எழுந்ததும் வித்தியாசத்தைக் குறிச்சா போதும்.

ரெகுலேட்டரைத் தொடவே கூடாத நேரம்

நேத்து வரைக்கும் நல்லா ஓடின வாட்ச் திடீர்னு நாளைக்குப் பல நிமிஷம் முன்னாடி ஓடினா, அது பெரும்பாலும் காந்தம். ஸ்பீக்கர், டேப்லெட் கவர், ஹேண்ட்பேக் கொக்கி, இதுல எல்லாம் காந்தம் இருக்கு. காந்தம் ஏறின ஹேர்ஸ்பிரிங்கோட சுருள்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். ஸ்பிரிங்கோட நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், வேகம் எகிறும். ஒரு திசைகாட்டி மேல வாட்சை மெதுவா நகர்த்திப் பாருங்க. முள் தெளிவா ஆடினா சந்தேகப்படலாம். டீமேக்னடைசர்னு ஒரு சின்னக் கருவியால சில செகண்ட்ல காந்தத்தை எடுத்துடலாம். இதைத் தெரியாம யாராவது ரெகுலேட்டரை − கடைசி வரைக்கும் தள்ளி நேரத்தைச் சரிபண்ணிட்டா, பின்னாடி காந்தம் போனதும் வாட்ச் பல நிமிஷம் பின்தங்கும்.

இன்னொண்ணு, ஆம்ப்ளிடியூட் குறைஞ்ச வாட்ச். முழுச்சாவியில, படுத்த நிலையிலயே 200 டிகிரியைத் தொடலைன்னா எண்ணெய் காய்ஞ்சிருக்கலாம், அழுக்கு சேர்ந்திருக்கலாம், மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வீட்டு அலமாரியில பல வருஷம் கிடந்த தாத்தாவோட எச்எம்டி வாட்சை எடுத்துச் சாவி கொடுத்தா பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதுக்கு வேண்டியது சர்வீஸ். அதாவது முழுசா கழட்டி, கழுவி, புது எண்ணெய் போடறது. ரெகுலேஷன் அதுக்கு அப்புறம், கடைசியா வர்ற வேலை. சர்வீஸ் இல்லாம ரெகுலேட்டரை மட்டும் தொட்டா, இன்னைக்குச் சரியா காட்டும், காய்ஞ்ச எண்ணெயில அச்சு தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

கேள்வி கேட்ட நேயருக்கு: உங்க வாட்ச் வாரன்டில இருக்கிறதால மூடியை நீங்களே திறக்காதீங்க. திறந்தா வாரன்டி போகலாம், மூடியோட ரப்பர் வளையம் சரியா உட்காரலைன்னா தண்ணி போகும், குச்சி ஒரு மில்லிமீட்டர் வழுக்கினா ஹேர்ஸ்பிரிங் வளைஞ்சுடும். ஒரு வாரம் காலையில ஒரே நேரத்துல ஏழு எண்களை எழுதுங்க. அவை பக்கத்துப் பக்கத்துல இருந்தா, அந்தத் தாளோட சர்வீஸ் சென்டருக்குப் போங்க. "ஃபாஸ்ட்டா ஓடுது"ன்னு மட்டும் சொல்லாம, "கையில கட்டினா நாளைக்கு சராசரி 18 ஃபாஸ்ட், ராத்திரி முகம் மேலே வைக்கிறேன், எனக்கு +3 பக்கம் வேணும்"னு சொல்லுங்க. எல்லா நிலையிலும் அளந்து பார்த்தீங்களான்னும் கேளுங்க. வேலை தெரிஞ்சவருக்கு இந்தத் தகவல் போதும். திரும்ப வாங்கின பிறகு, இன்னொரு ஏழு நாள் எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.